காசு தந்து விமர்சனம் எழுதச் சொல்லும் அந்த முதல் மெசேஜ்: சின்னப் புத்தகக்கடைக்காரர்களுக்கு

போன வருடம் மே மாதம் ஏழு வாசகர்களுக்கு ஒரே மெசேஜை அனுப்பினேன். புதுவரவுப் புத்தகங்களை வாசித்து விமர்சனம் எழுதித் தாருங்கள், காசு தருகிறேன் என்பதுதான் விஷயம். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. இரண்டு பேர் என்னை பிளாக் செய்துவிட்டார்கள், அதில் ஒருவர் மாதம் ஒருமுறையாவது கடைக்கு வந்து போகிறவர். அடுத்தமுறை வந்தபோது கேட்டேன். "அண்ணன், அது நீங்களா? காசு பறிக்கிற கும்பல் என்றல்லவா நினைத்தேன்" என்றார்.

அன்றைக்கு நான் அனுப்பியது இதுதான்: "வணக்கம்! வாசிப்பில் ஆர்வமுள்ளவரா நீங்கள்? வீட்டிலிருந்தபடியே புத்தகம் வாசித்துச் சம்பாதிக்க அரிய வாய்ப்பு! உடனே தொடர்புகொள்ளுங்கள்." இப்போது வாசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. வீடியோவுக்கு லைக் போட்டால் ஆயிரக்கணக்கில் தருகிறோம் என்று சொல்லி, பிறகு பதிவுக் கட்டணம் கேட்கும் மெசேஜ்கள் ஒவ்வொரு போனுக்கும் வந்துகொண்டிருக்கிற காலத்தில், நானும் அதே பாஷையில் எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நாலைந்து தடவை திருத்தித் திருத்தி, இப்போது நாலு பேருக்கு அனுப்பினால் இரண்டு பேராவது "சரி" போடும் நிலைக்கு வந்திருக்கிறேன். ஹட்டனில் ஒரு சின்னக் கடை என்னுடையது. பண்டாரவளையிலோ தலவாக்கலையிலோ பதுளையிலோ இதைச் செய்யப் பார்க்கிறவர்கள் நான் விட்ட பிழையை விடாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

1. மெசேஜ் எழுதுவதற்கு முன் கணக்குப் பாருங்கள்

எவ்வளவு காசு என்று தெரியாமல் மெசேஜை எழுதத் தொடங்காதீர்கள். "பேசித் தீர்மானிக்கலாம்" என்று எழுதினால் வாசகர் பேச வரமாட்டார். நம் பக்கத்து ஆட்களுக்குக் காசு கேட்கக் கூச்சம், அதிலும் தெரிந்த கடைக்காரரிடம் கேட்க இன்னும் கூச்சம். தொகையை நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும்.

நான் போட்ட கணக்கு இது. ஒரு சிறுகதைத் தொகுதி, விலை 1,200 ரூபா, எனக்கு 30 சதவீதம் கழிவு. ஒரு பிரதி விற்றால் 360 ரூபா கைக்கு வரும். விமர்சனம் எழுதுகிறவருக்கு 2,000 ரூபா. அவருக்குக் கொடுத்துவிடுகிற பிரதி எனக்கு 840 ரூபா அடக்கம். ஆக 2,840 ரூபா செலவு. இதை 360-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட எட்டு. அதாவது வழக்கமாக விற்பதற்கு மேலாக எட்டுப் பிரதி விற்றால்தான் போட்ட காசு திரும்பும். உங்கள் கடையில் அந்த வகைப் புத்தகம் எட்டுப் பிரதி கூடுதலாகப் போக வழியே இல்லை என்றால் அந்தப் புத்தகத்துக்கு விமர்சனம் எழுதச் சொல்லாதீர்கள். 400 ரூபாச் சிறுவர் கதைப் புத்தகத்துக்கு இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் சரிவராது, மூன்று நான்கை ஒன்றாகக் கொடுத்து ஒரே விமர்சனமாக எழுதச் சொன்னால்தான் ஏதோ தேறும்.

2,000 என்ற தொகை எங்கிருந்து வந்தது என்றால், அந்தத் தொகுதியின் 184 பக்கத்தை ஒழுங்காக வாசிக்க ஐந்தாறு மணித்தியாலம், எழுதித் திருத்த இரண்டு மூன்று மணித்தியாலம், ஆக ஒரு நாள் வேலை. தோட்டத்தில் ஒரு முழுப் பேருக்கான, அதாவது ஒரு முழு நாள் சம்பளத்துக்கான காசாவது இருக்க வேண்டும் என்று நினைத்தேன். "எழுதியதில் பாதிதான் பாவித்தோம், அதனால் பாதிக் காசு" என்று பிறகு இழுத்தால், கொழுந்து கிலோ குறைந்ததென்று அரைப்பேர் போடுகிற கதையாகிவிடும். அந்த வலி தெரியாதவர்கள் நம் ஊரில் யார்? நீங்கள் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும், எழுதித் தந்துவிட்டால் முழுக் காசு. இதை முடிவெடுத்த பிறகுதான் அடுத்த வேலை.

2. யாரைக் கேட்பது

பில் கொப்பியைத் திறந்து பாருங்கள். ஒரு புத்தகத்தை வாங்கிவிட்டு இரண்டு கிழமை கழித்து வந்து அதைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுப் போனவர் யார் என்று யோசியுங்கள். "நல்லா இருந்தது" என்றவரைச் சொல்லவில்லை. "கடைசி இரண்டு அத்தியாயத்தை அவசரத்தில் முடித்துவிட்டார்" என்று சொன்னாரே, அவர்தான் உங்களுக்குத் தேவை. எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் இல்லாமல் இருந்தாலே நல்லது, ஏனென்றால் எழுத்தாளரைக் கேட்டால் அவர் சக எழுத்தாளருக்குக் கடிதம் எழுதுகிற மாதிரி எழுதுவார். கடைக்கு வருகிறவருக்கு அது உதவாது.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் நன்றாக எழுதுவார்கள், ஆனால் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் அம்மா அப்பாவிடம் நேரில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இன்னொன்று, நம்பர் எப்படிக் கிடைத்தது என்பது. உங்களிடம் அவரே தந்த நம்பருக்கு மட்டும் அனுப்புங்கள். நூல் வெளியீட்டு விழாவில் வருகைப் பதிவுக் கொப்பியிலிருந்து ஒரு அக்காவின் நம்பரைப் படம் பிடித்து வந்து நான் அனுப்பினேன். இரவு எட்டரை மணிக்கு அவருடைய கணவர் போன் எடுத்து, யார் நீ, நம்பர் யார் தந்தது என்று கேட்டபோது எனக்குச் சொல்லப் பதில் இல்லை. பிழை என்னுடையதுதான்.

3. மெசேஜ்

இப்போது நான் அனுப்புகிற வடிவத்தை அப்படியே தருகிறேன். இது மஸ்கெலியாவில் படிப்பிக்கிற ஒரு டீச்சருக்கு அனுப்பியது. ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எடுத்துவிட்டேன்.

> வணக்கம் டீச்சர். நான் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் புத்தகக்கடைக்காரன். போன மாதம் நீங்கள் இரண்டு நாவல் வாங்கிவிட்டு, மூன்றாம் பாகம் வந்தால் சொல்லுங்கள் என்று பில் கொப்பியில் நம்பர் எழுதிவிட்டுப் போனீர்கள். அதிலிருந்துதான் இந்த நம்பரை எடுத்தேன்.
>
> மூன்றாம் பாகம் இன்னும் வரவில்லை. ஆனால் இந்தக் கிழமை ஒரு சிறுகதைத் தொகுதி வந்திருக்கிறது. 184 பக்கம், 11 கதை. அட்டையையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புகிறேன். அதை வாசித்து 250, 300 சொல்லில் ஒரு விமர்சனம் எழுதித் தர முடியுமா என்று கேட்கத்தான் இது.
>
> அதற்குக் கடை 2,000 ரூபா தரும், புத்தகமும் உங்களுக்கே. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள், காசில் ஒரு சதமும் குறையாது.
>
> சனிக்கிழமை புத்தகத்தை எடுத்தால் அதிலிருந்து மூன்றாவது சனிக்கிழமை எழுதித் தந்தால் போதும். தந்த அன்றே காசு. எழுதியது கடைத் தட்டில் அட்டையாகவும் கடையின் பேஸ்புக் பக்கத்திலும் உங்கள் பெயரோடு வரும். இது கடை காசு தந்து எழுதியது என்ற வரியும் கீழே இருக்கும். பெயர் வேண்டாம் என்றால் ஊரை மட்டும் போடலாம்.
>
> இதை எழுதியவரை உங்களுக்கு நெருக்கமாகத் தெரியும் என்றால் சொல்லுங்கள், வேறு புத்தகம் பார்ப்போம்.
>
> விருப்பம் என்றால் வெள்ளிக்குள் ஒரு "சரி" போடுங்கள். இல்லையென்றால் பதிலே வேண்டாம், நான் திரும்பக் கேட்க மாட்டேன். உங்களிடம் எந்தக் காசும் கேட்க மாட்டேன், அடையாள அட்டை, வங்கி விபரம் ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

நீளமான மெசேஜ்தான். சுருக்கமாக எழுது, யாரும் நீளமாக வாசிக்க மாட்டார்கள் என்று எனக்கும் சொன்னார்கள். புத்தகம் வாசிக்கிற ஆளுக்கு நூற்றைம்பது சொல் மெசேஜை வாசிக்க முடியாதா என்ன? சுருக்கினால் மோசடி மாதிரித் தெரியும் என்பதுதான் என் அனுபவம், ஏனென்றால் மோசடிக்காரர்கள் விபரம் எதுவும் தருவதில்லை, விபரம் வேண்டுமானால் லிங்கை அமத்து என்பார்கள்.

முதல் பந்தியில் நீங்கள் யார், அவரை எப்படித் தெரியும் என்பது வர வேண்டும். "போன மாதம் இரண்டு நாவல்" என்ற அந்த ஒரு வரிதான் இந்த மெசேஜ் உண்மையானது என்பதற்கு அத்தாட்சி. வேறு எவராலும் அதை எழுத முடியாது. எல்லோருக்கும் ஒரே மெசேஜை ஃபோர்வர்ட் பண்ணாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான். மேலே "ஃபோர்வர்ட் செய்யப்பட்டது" என்ற அடையாளம் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

அடுத்தது "பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள்" என்கிற வரி. இதைக் காசு சொல்லும் அதே பந்தியிலேயே, காசுக்கு அடுத்த வசனமாக வையுங்கள். முதலில் இதை மெசேஜின் அடியில் வைத்திருந்தேன். அப்போது வந்த மூன்று விமர்சனமும் ஒரே மாதிரி, "ஆசிரியரின் எழுத்துப்பணி மென்மேலும் சிறக்க வாழ்த்துக்கள்" என்று முடிந்தன. 2,000 ரூபா தருகிறவன் புகழ்ச்சியைத்தான் வாங்குகிறான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அப்படி எடுத்துக்கொண்டதில் பிழையும் இல்லை. அந்த மூன்று அட்டையையும் தட்டில் ஒட்டினேன். ஒரு மாதத்தில் அந்த மூன்று புத்தகமும் மற்றவற்றைவிட ஒரு பிரதிகூடக் கூடப் போகவில்லை. வாழ்த்து மடலைப் பார்த்து யார் 1,200 ரூபாவை எடுத்து நீட்டுவார்?

காசு தந்து எழுதியது என்ற வரியைப் போடுவதா என்று கேட்கிறவர்களுக்கு: போடுங்கள். ஹட்டன் மாதிரி டவுனில் இந்த விஷயம் இரண்டு நாளில் எப்படியும் வெளியே வந்துவிடும். தானாக வெளியே வந்தால் எழுதியவருக்கும் மானக்கேடு, கடைக்கும் மானக்கேடு. முதலிலேயே போட்டுவிட்டால் அது ஒரு செய்தியே இல்லை. இன்னொரு பொறி இதிலேயே இருக்கிறது. எழுத்தாளரோ பதிப்பாளரோ "அந்த 2,000-ஐ நானே தருகிறேன், ஆள் பிடித்துத் தாருங்கள்" என்று வருவார்கள். எனக்கு இரண்டு தடவை வந்தது. அப்படி வாங்கினால் அது விளம்பரம், விளம்பரம் என்றே எழுதி ஒட்ட வேண்டும். நான் வாங்குவதில்லை.

எழுதியவரைத் தெரியுமா என்று கேட்பது மலையகத்தில் ரொம்ப முக்கியம். இங்கே எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் ஒன்று சொந்தக்காரராக இருப்பார்கள், இல்லாவிட்டால் ஒரே பாடசாலை, அதுவும் இல்லாவிட்டால் ஒரே சங்கம். "தெரியாது" என்று பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். "கண்டால் சிரிப்போம், அவ்வளவுதான்" என்றால் பரவாயில்லை. கல்யாணத்துக்கு அழைப்பு வந்திருந்தால் வேறு புத்தகம்.

கடைசியாக அடையாள அட்டை. முதல் மெசேஜில் அதன் படத்தைக் கேட்கவே கேட்காதீர்கள். பிறகு வவுச்சருக்கு நம்பர் வேண்டுமென்றால் அவர் கடைக்கு வரும்போது பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

4. எப்போது அனுப்புவது

பகல் நேரத்தில். டீச்சர்மாருக்கு இரண்டு மணிக்குப் பிறகு, தோட்டத்தில் உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு ஐந்து மணிக்குப் பிறகு, ஆனால் ஏழுக்கு முன். தவணைப் பரீட்சை நடக்கிற கிழமைகளிலும் விடைத்தாள் திருத்துகிற கிழமைகளிலும் எந்த டீச்சருக்கும் அனுப்ப வேண்டாம், "சரி" என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் இழுபடும். தீபாவளிக்கு முந்திய இரண்டு கிழமையும் அப்படித்தான்.

புத்தகம் கடைக்கு வந்த மூன்று நாளுக்குள் மெசேஜ் போக வேண்டும். என் கடையில் ஒரு புதுவரவு முதல் ஆறு கிழமையில்தான் ஓடும், பிறகு தட்டோடு தட்டாகிவிடும். மெசேஜுக்கு மூன்று நாள், வாசித்து எழுத மூன்று கிழமை, ஆக விமர்சனம் வரும்போதே பாதிக் காலம் போய்விட்டது. அதற்காக ஒரு கிழமையில் எழுதித் தாருங்கள் என்று கேட்கவும் முடியாது, கேட்டால் பின்னட்டையைப் பார்த்து எழுதித் தருவார்கள். மூன்று சனிக்கிழமை என்பது நான் தட்டித் தடவிக் கண்டுபிடித்த அளவு. இடையில் ஒரு போயா விடுமுறை வந்தால் நல்லது, அன்றைக்கு வாசித்து முடித்துவிடுவார்கள்.

வருடத்தில் இரண்டு தடவை புத்தகம் குவியும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி முடிந்து அங்கிருந்து பொதி வரும்போது ஒன்று, செப்டெம்பரில் கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சியை ஒட்டி இன்னொன்று. அந்த நேரங்களில் யாரிடம் எதைக் கொடுப்பது என்பதைப் பொதி வருவதற்கு முதலே ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. புத்தகத்தைக் கையில் சேர்ப்பது

தோட்டத்து விலாசத்துக்குத் தபாலில் அனுப்பாதீர்கள். டவுன் விலாசம் என்றால் சரி. தோட்டத்துக்குப் போகும் தபால் பல இடங்களில் தோட்ட அலுவலகத்தில் இறங்கி, அங்கிருந்து யார் கையிலாவது லயத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. பொகவந்தலாவைப் பக்கம் நான் அனுப்பிய ஒரு புத்தகம் போய்ச்சேர 23 நாள் எடுத்தது, விமர்சனம் தர வேண்டிய நாளும் அதற்குள் முடிந்துவிட்டது. அதுவும் மழைக்காலம், அட்டை பூஞ்சணம் பிடித்துப் போய்ச்சேர்ந்தது.

சனிக்கிழமை டவுனுக்கு வருகிறவர்களிடம் நேரில் கொடுப்பதுதான் லேசான வழி. வரமுடியாதவருக்கு அந்தப் பக்கம் போகிற ஒரு ஆளிடம், அல்லது அவருடைய தோட்டத்துக்கிட்ட இருக்கிற கடையில், பொலித்தீனில் சுற்றி வைத்துவிட்டு மெசேஜ் போடுங்கள். ஜூன், ஜூலையில் இந்தப் பக்கம் விடாமல் மழை, பொலித்தீன் இல்லாமல் ஒன்றையும் வெளியே விடாதீர்கள். புத்தகத்துக்குள் ஒரு துண்டு வையுங்கள்: தரவேண்டிய திகதி, சொல் எண்ணிக்கை, 2,000 ரூபா, கீழே உங்கள் கையெழுத்து. மெசேஜில் சொன்னதுதான், ஆனாலும் கடதாசியில் இருந்தால் அவருக்கு ஒரு நம்பிக்கை. புத்தகத்தில் கோடு போடலாமா என்று கேட்பார்கள். போடட்டும், அது அவருடைய புத்தகம்.

6. எழுதி வருவது

இது ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு ஒரு நாளைத் தின்றது. கம்பியூட்டரில் தட்டிப் பழகியவர்கள், குறிப்பாகப் பழைய ஆட்கள், இன்னும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். அதைப் போனில் திறந்தால் "வணக்கம்" என்பது `tzf;fk;` என்று வந்து நிற்கும். முழு விமர்சனமும் அப்படி வந்தால் பயப்பட வேண்டாம், ஃபைல் கெட்டுப்போகவில்லை. பாமினியை யூனிகோடாக மாற்றித் தருகிற பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு கொம்பு, கால் எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களே தட்டிக்கொள்ளலாம். குரல் மெசேஜில் மட்டும் வாங்காதீர்கள். பேசும்போது ஒருவர் சொல்வது ஒன்று, எழுதிப் பார்த்தால் இன்னொன்று, பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை என்று வரும்.

எழுத்துப்பிழை திருத்தலாம். கருத்தில் கை வைப்பதாக இருந்தால் அவருக்குக் காட்டிவிட்டு. தட்டில் ஒட்டும் அட்டையில் 300 சொல் கொள்ளாது, 60, 70 சொல்தான் கொள்ளும், அதை எங்கே வெட்டுவது என்பதையும் அவரையே கேளுங்கள். புத்தகத்தைக் குறைசொன்ன வரியை வெட்டிவிட்டுப் புகழ்ந்த வரியை மட்டும் அட்டையில் போட்டால் அவர் இரண்டாவது தடவை எழுத மாட்டார்.

7. காசும் வவுச்சரும்

தந்த அன்றே கொடுங்கள். நாளைக்கு, திங்கட்கிழமைக்கு என்று சொல்லாதீர்கள். பத்தாம் திகதி சம்பளம் வரும்வரை காத்திருந்து பழகிய வீடுகளுக்கு, சொன்ன நாளில் வருகிற காசுக்குத் தனி மதிப்பு. கவரில் போட்டுக் கொடுத்து, கடையில் பாவிக்கிற சாதாரண வவுச்சர் கொப்பியில் திகதி, பெயர், அடையாள அட்டை நம்பர், எந்தப் புத்தகத்துக்கு, எவ்வளவு என்று எழுதி ஒரு கையெழுத்து. கடைக் கணக்கில் செலவாகக் காட்ட அது தேவை. வங்கிக்குப் போடுவதென்றால் ஸ்லிப்பை வவுச்சரோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

வரி பிடிக்க வேண்டுமா என்று ஒரு நண்பர் பயமுறுத்தினார். சேவைக்குக் கொடுக்கும் காசில் 5 சதவீதம் பிடிப்பது, ஒருவருக்கு மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் கொடுத்தால்தான். நம் கணக்கு அதன் வாசற்படிக்கும் போகாது.

காசுக்குப் பதிலாகப் புத்தகம் எடுத்துக்கொள்ளச் சொல்வது, ரீலோட் போட்டுவிடுவது இதெல்லாம் வேண்டாம். மெசேஜில் காசு என்று சொன்னால் காசு. அவராகக் கேட்டு 2,000-க்கும் புத்தகம் எடுத்துக்கொண்டு போனால் அது வேறு கதை, டீச்சர் போன தடவை அப்படித்தான் செய்தார், மேலே 650 ரூபா கையிலிருந்தும் போட்டுவிட்டுப் போனார்.

8. எழுத்தாளர் கடைக்கு வரும்போது

வருவார். மேலே சொன்ன சிறுகதைத் தொகுதிக்கு டீச்சர் எழுதியதில் ஏழாவது கதையைத் தூக்கி வைத்திருந்தார். லயத்துக் காம்பராவில் ஒரு பாட்டி ரேடியோவுக்குப் பற்றறி மாற்றுவதை மட்டுமே வைத்து எழுதிய கதை அது, அதற்காகவே புத்தகத்தை வாங்கலாம் என்று எழுதினார். அதற்குப் பிறகு ஒரு வரி: "மூன்று கதைகள் ஹட்டன் பஸ்ஸில் ஏறுவதோடு முடிகின்றன. மூன்றாவது தடவை பஸ் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அது சிரிக்கிற இடமில்லை."

அட்டை ஒட்டிய ஐந்தாம் நாள் எழுத்தாளர் வந்தார். விற்றுத் தரச்சொல்லி அவரே இருபது பிரதி வைத்துவிட்டுப் போயிருந்தார், ஆகவே அவருக்கும் கடையில் ஒரு உரிமை இருக்கிறது என்று நினைத்தார். அட்டையை எடுங்கள் என்றார். நான் எடுக்கவில்லை. இதற்கு முதலே ஒரு வழி வைத்துக்கொள்வது நல்லது. அன்றைக்கு எனக்கு வாயில் வந்தது இதுதான்: "சேர், நீங்களும் ஒரு பதில் எழுதித் தாருங்கள், பக்கத்திலேயே ஒட்டுகிறேன்." எழுதித் தரவில்லை. ஆனால் புத்தகங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. இப்போது உள்ளூர் எழுத்தாளர்களிடம் புத்தகம் வாங்கும்போதே, இதற்கு விமர்சனம் எழுதுவிக்கலாம், அதில் குறையும் வரலாம், சம்மதமா என்று கேட்டு ரசீதிலேயே ஒரு வரி எழுதிவிடுகிறேன். இரண்டு பேர் சம்மதமில்லை என்றார்கள். அவர்களுடைய புத்தகத்தையும் விற்கிறேன், அட்டை மட்டும் இல்லை.

அந்தத் தொகுதி ஆறு கிழமையில் 14 பிரதி போனது. அந்த மாதிரித் தொகுதி வழக்கமாக ஐந்துதான் போகும். ஒன்பது கூட, ஒன்பது தடவை 360 என்றால் 3,240. செலவு 2,840. நானூறு ரூபா லாபம். வாங்கியவர்களில் நாலைந்து பேர் தட்டடியிலேயே நின்று ஏழாவது கதை எந்தப் பக்கம் என்று தேடினார்கள். ஒரு தம்பி, "அண்ணன், அந்த பஸ் கதை எது?" என்று கேட்டு வாங்கினான். குறைசொன்ன வரியும் விற்கும் என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆனால் எல்லாப் புத்தகத்துக்கும் இப்படி நடக்காது, அதற்கு அடுத்து எழுதுவித்த நாவலுக்கு இரண்டு பிரதிதான் கூடப் போனது, கையைக் கடித்தது.

9. பதில் வராவிட்டால், வந்தால்

வெள்ளிக்குள் பதில் இல்லையென்றால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள், திரும்பக் கேட்காதீர்கள். கடைக்கு வரும்போதும் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவராகவே எடுத்தால் பேசுங்கள். இப்படி மூன்று மாதம் கழித்து ஒருவர் "அந்த விமர்சன வேலை இன்னும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார், இப்போது அவர்தான் கட்டுரை நூல்களுக்கெல்லாம் எழுதுகிறார்.

"சரி" போட்டு எடுத்துப் போனவர் மூன்றாவது சனிக்கிழமை வராவிட்டால் ஞாயிறு பகல் ஒரு மெசேஜ், "அவசரமில்லை, அடுத்த சனி வைத்துக்கொள்வோமா?" என்று. அதற்கும் வராவிட்டால் புத்தகம் போனதென்று 840 ரூபாவைக் கணக்கில் எழுதிவிட்டு விட்டுவிடுங்கள். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு வாடிக்கையாளரை இழந்தால் நட்டம் அதைவிடக் கூட.

ஒழுங்காக எழுதித் தந்தவருக்கு இரண்டாவது தடவை அந்த நீண்ட மெசேஜ் தேவையில்லை. டீச்சருக்கு நான் பிறகு அனுப்பியது இவ்வளவுதான்: "டீச்சர், நாவல் ஒன்று, 312 பக்கம், பக்கம் கூட என்பதால் 3,000. போன தடவை மாதிரியே. சனிக்கிழமை எடுத்து வைக்கட்டுமா?" பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "பஸ் இருக்கா?"